அந்தமானுக்கு அடியில் ஒரு குறுக்குவெட்டு

[திரை: வங்காள விரிகுடாவிலிருந்து கிழக்கே அந்தமான் கடல் வரை ஒரு கோடு. கத்தியால் வெட்டியது போல நிலத்தின் உட்புறம் தெரிகிறது.]

நாம் வடக்கே பார்த்து நிற்கிறோம். படத்தின் இடப்பக்கம் மேற்கு. அங்கிருந்து வரும் கடல்தரை, அந்தமானுக்குச் சற்று முன்பே சரிந்து கிழக்கு நோக்கி அடியில் நுழைகிறது. அது இந்தியத் தட்டு. நுழையும் இடம்தான் அகழி. ஆனால் இங்கே பெரும் பள்ளத்தைத் தேடாதீர்கள். கங்கையும் பிரம்மபுத்திராவும் கொண்டுவந்து கொட்டிய வண்டல் அதைப் பெருமளவு நிரப்பிவிட்டது.

தட்டு உள்ளே போகும்போது, மேலிருக்கும் வண்டலை எதிர்த்தட்டின் விளிம்பு வழித்தெடுக்கிறது. தோசைக்கல்லைச் சுரண்டும்போது கரண்டியின் முன்னால் குவியுமே, அதே கதைதான். அப்படிக் குவிந்து மடிந்து கடலுக்கு மேலே தலைநீட்டியவையே அந்தமான் தீவுகளின் பெரும்பகுதி. ஆகவே இவை எரிமலைத் தீவுகள் அல்ல.

[திரை: சரிந்து இறங்கும் சிவப்புப் புள்ளிகள்.]

இவை நிலநடுக்க மையங்கள். கிழக்கே போகப்போக ஆழமாகின்றன. இந்தச் சரிவைக் கண்டாலே ஒரு தட்டு அமிழ்கிறது என்று சொல்லிவிடலாம். சுமார் 100 கிலோமீட்டர் ஆழத்தில், அமிழும் தட்டிலிருந்து நீர் வெளியேறி மேலிருக்கும் பாறைக்குள் புகுகிறது. நீர் சேர்ந்த பாறை குறைந்த வெப்பத்திலேயே உருகும். தட்டே உருகி எரிமலையாகிறது என்று பலர் எழுதுவது தவறு. அந்தக் குழம்பு மேலே வரும் இடத்தில் நிற்கிறது பேரன் தீவு, இந்தியாவில் இன்றும் சீறும் ஒரே எரிமலை.

[திரை: இன்னும் கிழக்கே, அந்தமான் கடலின் அடித்தரை.]

இங்கே படம் மாறுகிறது. மேலோடு மெலிந்து, இருபுறமும் படிப்படியாக நடுவை நோக்கி இறங்குகிறது. குழம்பு நேர்க்குத்தாக எழுகிறது. நிலநடுக்கப் புள்ளிகள் ஆழமற்றவை. இது விலகும் எல்லை. இந்தியத் தட்டு நேராக மோதாமல் சாய்வாக வடக்கே செல்வதால், விளிம்பில் ஒரு துண்டு நிலம் அதனுடன் இழுபடுகிறது. அந்தத் துண்டுக்குப் பின்னால்தான் கடல்தரை கிழிந்து திறக்கிறது.

இழுபடும் துண்டு வடக்கே மியான்மரில் உரசிச் செல்லும் கோடு, சகாயிங் பிளவு. அங்கே வெட்டினால் ஏமாந்துபோவோம்: ஒரு செங்குத்துக் கோடு மட்டுமே தெரியும். அகழியும் இல்லை, எரிமலை வரிசையும் இல்லை. நகர்வோ இடம் வலமாக அல்ல, படத்துக்கு உள்ளேயும் வெளியேயுமாக நடக்கிறது.

[திரை: கோட்டின் இடப்பக்க வட்டத்தில் பெருக்கல் குறி, வலப்பக்க வட்டத்தில் புள்ளி.]

அம்பு ஒன்று பறப்பதாக எண்ணிக்கொள்ளுங்கள். புள்ளி என்றால் அதன் முனை நம்மை நோக்கி வருகிறது. பெருக்கல் என்றால் வால் இறகு, விலகிப் போகிறது. ஆக, மேற்குப் பக்கம் வடக்கே போகிறது. தரையில் இதன் அடையாளம், நேர்கோடாக நீளும் பள்ளத்தாக்கும் கோட்டைக் கடக்கும் இடத்தில் ஒடிந்து விலகும் ஓடைகளும்.

2025 மார்ச் 28 அன்று இந்தக் கோடு நகர்ந்தபோது, ஒரு வாசலில் இருந்த கண்காணிப்புக் கேமராவில் அது பதிவானது. எதிரே தரை ஒரே வழுக்கலில் சுமார் இரண்டரை மீட்டர் பக்கவாட்டில் போய் நின்றது.