அந்த இரும்புக் கிண்ணம்

நடுவர்: "சமத்துவம் என்றால் என்ன என்று ஏழாம் வகுப்புப் பிள்ளைக்குச் சீக்கிய வரலாற்றை வைத்துப் புரியவைக்க வேண்டும். எந்தப் பாடம் அதற்குப் பொருத்தம்? லங்கர் என்னும் பொதுச் சமையற்கூடமா, அமிர்தம் குடித்துச் சேர்ந்த சீக்கியரின் சமூகமான கால்சா தோன்றிய கதையா? கால்சா அணியின் கடைசிப் பேச்சாளர் வரட்டும்."

நடுவர் ஐயா, வணக்கம். எதிரணி அக்கா ரொட்டி, பருப்பு, பாயசம் என்று பேச்சிலேயே பரிமாறிவிட்டுப் போனதில், முன்வரிசைப் பிள்ளைகள் சாப்பாட்டு மணி எப்போது என்று பார்க்கத் தொடங்கிவிட்டார்கள். சோற்றுக்கு எதிராகப் பேசி யாரும் ஜெயித்ததில்லை என்பது எனக்கும் தெரியும். அதனால் லங்கரை நான் குறைத்துப் பேசப் போவதில்லை. கோயிந்த்வாலில் மூன்றாம் குரு அமர்தாஸ், "முதலில் பந்தி, பிறகுதான் தரிசனம்" என்று வைத்த ஏற்பாடு சாதாரணமானதல்ல. பார்க்க வந்தவர் யாரானாலும், முன்பின் தெரியாதவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டாக வேண்டும். இரண்டாம் குரு அங்கதின் மனைவி மாதா கீவி பரிமாறிய நெய் மணக்கும் பாயசம் சீக்கியரின் புனித நூலான குரு கிரந்த் சாகிப்பிலேயே பாட்டாக இருக்கிறது. இதையெல்லாம் ஒத்துக்கொண்டுதான் பேசுகிறேன்.

ஆனால் எதிரணித் தலைவர் ஒன்று சொன்னார்: "பேரரசர் அக்பரே அந்தப் பந்தியில் உட்கார்ந்தார், இதற்கு மேல் என்ன சான்று வேண்டும்?" சீக்கிய மரபு அப்படித்தான் சொல்கிறது. சரி, உட்கார்ந்தார். எழுந்த பிறகு? அவர் பேரரசராகவே எழுந்து போனார். பக்கத்தில் உட்கார்ந்தவர் உழுதவராக இருந்தால் உழவே போயிருப்பார். பந்தி நடந்த நேரத்துக்கு இருவரும் சமம். பாயைச் சுருட்டிய பிறகு அவரவர் வீடு, அவரவர் பெயர், அவரவர் சாதி. லங்கர் யாரிடமும் "உன் பெயரை மாற்று" என்று கேட்டதில்லை. அதன் தாராளமும் அதுதான், அதன் எல்லையும் அதுதான்.

எதிரணியில் ஒரு பெரியவர் தன் மகள் கல்யாணத்தைச் சொன்னார். ஊரே ஒரே பந்தியில் உட்கார்ந்ததாம். சந்தோஷம் ஐயா. நான் ஒன்றே ஒன்று கேட்கிறேன்: அந்தப் பந்திக்குச் சமைத்தவர் யார் என்று பார்த்துத்தானே ஆள் பிடித்தீர்கள்? இலை எடுத்தவர் யார்? (அவர் சிரிக்கிறார். பதில் கிடைத்துவிட்டது.) நியாயமாகச் சொன்னால் லங்கரில் இந்தக் குறை இல்லை. அங்கே யார் வேண்டுமானாலும் சமைக்கலாம், யார் வேண்டுமானாலும் பாத்திரம் துலக்கலாம். நான் பேச வந்தது வேறு ஒரு குறை. அதற்கு நம் எல்லாருக்கும் தெரிந்த ஒரு சொல் போதும்: எச்சில்.

1699, வைசாகி நாள், அனந்தபூர் சாகிப். பத்தாம் குரு கோவிந்த் சிங் உருவிய வாளோடு நின்று தலை கேட்டதும், ஐந்து பேர் ஒவ்வொருவராக எழுந்து வந்ததும் பிள்ளைகளுக்குத் தெரியும். பாடம் அந்த வாளோடு நின்றுவிடுவதுதான் என் வருத்தம். வாளைவிடப் பெரிய சங்கதி அதற்குப் பிறகு நடந்தது.

இங்கே என் அணித் தம்பியையும் திருத்த வேண்டியிருக்கிறது. "ஐந்து பேரும் தாழ்த்தப்பட்டவர்கள்" என்று உணர்ச்சியாகச் சொல்லிவிட்டார். இல்லை தம்பி. லாகூர் தயா ராம் கத்ரி வகுப்பு. வணிகமும் படிப்பும் உள்ள குடும்பங்கள். அஸ்தினாபுரத்துத் தரம் தாஸ் ஜாட், உழவர். பூரியின் இம்மத் ராய் தண்ணீர் சுமந்தவர். துவாரகையின் மோகம் சந்த் துணியில் அச்சடித்தவர். பீதரின் சாகிப் சந்த் நாவிதர். ஐந்து பேரும் ஒரே தட்டிலிருந்து வந்திருந்தால் சமத்துவத்துக்கு அங்கே வேலையே இல்லையே! மேலே இருந்தவரும் கீழே வைக்கப்பட்டவரும் ஒரே வரிசையில் நின்றதால்தான் அடுத்து நடந்ததற்கு அர்த்தம்.

அடுத்து என்ன நடந்தது? ஓர் இரும்புக் கிண்ணத்தில் தண்ணீர். அதில் பதாசா என்னும் சர்க்கரை மிட்டாய். இருபுறமும் கூரான கண்டா என்ற வாளால் கிண்டிக்கொண்டே பிரார்த்தனைகள் ஓதினார்கள். அதுதான் அமிர்தம். அதுவரை சீடராகச் சேர்பவர் குருவின் பாதம் பட்ட நீரைக் குடிப்பது வழக்கம். அந்த வழக்கத்தில் குரு மேலே, குடிப்பவன் கீழே. 1699இல் பாதம் போய்க் கிண்ணம் வந்தது. கத்ரி குடித்த அதே கிண்ணத்தில் தண்ணீர் சுமந்தவர் குடித்தார், நாவிதர் குடித்தார். பக்கத்தில் உட்கார்ந்து தனித்தனித் தட்டில் சாப்பிடுவதை முகம் சுளித்தாவது தாங்கிக்கொள்ளலாம். இன்னொருவர் வாய் பட்ட கிண்ணத்தில் வாய் வைப்பதை? அந்தக் காலத்துச் சாதிக்காரர் ஒருவரை நினைத்துப் பாருங்கள், வயிறே புரண்டிருக்கும்.

அதற்கும் பிறகு குருவே அந்த ஐவர் முன் கைகூப்பி, "எனக்கும் கொடுங்கள்" என்று வாங்கிக் குடித்தார். கோவிந்த் ராய் கோவிந்த் சிங் ஆனார். ஐவருக்கும் அதே சிங். ராம், தாஸ், ராய், சந்த் என்ற வால்கள் எல்லாம் உதிர்ந்தன. லங்கரில் குரு கொடுப்பவர், மற்றவர் வாங்குபவர். இங்கே குரு வாங்கினார், நாவிதர் கொடுத்தவர்களில் ஒருவர். ஐயா, என் வழக்கு இவ்வளவுதான்: கீழே வைக்கப்பட்டவனுக்கு நான் சோறு போடுவது எளிது. அவன் கையிலிருந்து நான் வாங்கிக் குடிக்கிறேனா என்பதுதான் கேள்வி.

காலையில் என் வகுப்பில் ஒரு பெண் எழுந்து கேட்டாள்: "அஞ்சு பேர்ல ஒரு பொண்ணு கூட ஏன் இல்ல மிஸ்?" பெண்களுக்குக் கௌர் என்ற பெயர் வந்ததைச் சொன்னேன். கிண்ணத்தில் பதாசா போட்டது ஒரு தாய் என்று மரபு சொல்வதையும் சொன்னேன். "அப்போ இனிப்பு மட்டும்தானா?" என்று உட்கார்ந்துவிட்டாள். மாதா கீவியை வைத்திருக்கும் எதிரணிக்கு இந்த இடத்தில் ஒரு மதிப்பெண் போட்டுக்கொள்ளுங்கள்.

கடைசியாக 1920க்கு வருகிறேன். அக்டோபர் 12. படுகொலை நடந்து ஒன்றரை ஆண்டே ஆன ஜாலியன்வாலா பாகில், ஒடுக்கப்பட்ட சாதியினர் பலர் அமிர்தம் குடித்துச் சீக்கியரானார்கள். கடா பிரசாதம் எடுத்துக்கொண்டு, அதாவது மாவும் நெய்யும் சர்க்கரையும் சம அளவில் சேர்த்துக் கிண்டியதை எடுத்துக்கொண்டு, பொற்கோயிலுக்குப் போனார்கள். பூசாரிகள் அவர்கள் கைப் பிரசாதத்தை வாங்க மறுத்தார்கள். லங்கர் வந்து முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. கவனியுங்கள்: அவர்கள் கையிலிருந்து வாங்குவதில்தான் சிக்கல் வந்தது. "கால்சா வந்தும் இருநூறு ஆண்டு ஆயிற்றே, நீ கிழித்தது என்ன?" என்று எதிரணி கேட்கும். நியாயமான கேள்வி. பூசாரிகள் திருந்தவில்லைதான். ஆனால் அன்று வந்தவர்கள் பசிக்கு வந்து நிற்கவில்லை. அமிர்தம் குடித்தவர்கள் என்ற உரிமையோடு, கொடுப்பவர்களாக வந்து நின்றார்கள். கூட வந்தவர்களும் அதே காரணத்துக்காக அவர்கள் பக்கம் நின்றார்கள்.

வாக்குவாதம் முற்றி, கிரந்தத்தையே திறந்து கேட்போம் என்று முடிவானது. திறந்த பக்கத்தில் வந்த பாட்டு, தகுதியற்றவரையும் இறைவனே மன்னித்துக் குருவின் தொண்டில் சேர்த்துக்கொள்கிறான் என்றது. பிரசாதம் ஏற்கப்பட்டது. அடுத்துக் கூட்டம் பொற்கோயிலுக்கு எதிரே இருக்கும் சீக்கியரின் உயர் பீடமான அகால் தக்த்துக்குப் போனபோது பூசாரிகள் அங்கிருந்து போய்விட்டார்கள். அடுத்த மாதமே குருத்வாராக்களை நிர்வகிக்கச் சிரோமணி குருத்வாரா பிரபந்தக் கமிட்டி அமைந்தது.

அந்தப் பாட்டு யாருடையது என்று மறைக்க மாட்டேன். "முதலில் பந்தி" என்று சொன்ன அதே அமர்தாஸுடையது. எதிரணி அதை எடுத்துக்கொள்ளட்டும். ஆனால் கையில் பிரசாதத்தோடு அவர்களை அந்த வாசலுக்குக் கொண்டுவந்தது ரொட்டியா, கிண்ணமா என்பதை நடுவர் சொல்லட்டும். மணி அடித்துவிட்டீர்கள், வருகிறேன்.