நுனித்தோல் இல்லாமல் பிறந்த குழந்தை: விருத்தசேதனமும் உடன்படிக்கையும்

(புதுச்சேரியில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

மிஷன் வீதிக் கோயிலுக்குப் போகிறவர்கள் 'விருத்தசேதனம்' என்ற சொல்லை வேதாகமத்தில் படித்திருப்பீர்கள். முல்லா வீதிப் பக்கம் அதையே 'சுன்னத்' என்றும் 'கத்னா' என்றும் சொல்வார்கள். பெரியவர்கள் 'மார்க்கக் கல்யாணம்' என்று பத்திரிகை அடித்து, விருந்தும் வைப்பார்கள். யூதர்கள் 'பிரித் மிலா' என்கிறார்கள். மிலா என்றால் வெட்டு, பிரித் என்றால் உடன்படிக்கை. ஆண் குழந்தைக்குச் செய்யும் சடங்கைப் பற்றி மட்டும்தான் இன்று பேசப் போகிறேன்.

எல்லாம் தொடங்குகிற இடம் ஆதியாகமம் 17ஆம் அதிகாரம். ஆபிராமுக்கு அப்போது வயது 99. அந்த அதிகாரத்தில்தான் அவர் பெயர் ஆபிரகாம் என்று மாறுகிறது. உன் சந்ததியைப் பெருகச் செய்வேன் என்ற வாக்கு கிடைக்கிறது. அதன் அடையாளமாக நுனித்தோலை நீக்கும் கட்டளையும் வருகிறது. வாக்கு பிள்ளைகளைப் பற்றியது, அடையாளமும் பிள்ளை பிறக்கும் உறுப்பில்தான். ஏன் காதிலோ நெற்றியிலோ இல்லை என்று கேட்பவருக்கு அந்த அதிகாரமே பதில் வைத்திருக்கிறது. அன்றே ஆபிரகாமும் அவர் மகன் இஸ்மவேலும் விருத்தசேதனம் பெற்றார்கள். இஸ்மவேலுக்கு வயது 13. ஈசாக்கு இன்னும் பிறக்கவே இல்லை. ஆனால் 'என் உடன்படிக்கையை ஈசாக்கோடு ஏற்படுத்துவேன்' என்று அங்கேயே வருகிறது. இஸ்மவேலின் உடலில் அடையாளம் இருக்கிறது, உடன்படிக்கையின் வழியோ ஈசாக்கின் பக்கம் போகிறது. யூதரும் முஸ்லிம்களும் இந்த அடையாளத்தை வேறு வேறு விதமாகப் படிப்பதற்கான விதை இங்கேயே விழுந்துவிட்டது.

அந்த வேறுபாட்டைத் தெளிவாகக் காட்ட ஒரே ஒரு கேள்வி போதும். நுனித்தோலே இல்லாமல் ஒரு குழந்தை பிறந்தால் என்ன செய்வது? அரிதுதான், ஆனாலும் நடக்கிறது. அரபுகள் அப்படிப்பட்ட பிள்ளையை 'நிலா கத்னா செய்த பிள்ளை' என்று சொல்வார்களாம். வெட்டுவதற்குத் தோல் இல்லாத இடத்தில் உடன்படிக்கை என்ன ஆகும்?

முதலில் யூத மரபு. அங்கே செயலுக்கு நாள் இருக்கிறது, முறை இருக்கிறது. எட்டாம் நாள், அதுவும் பகலில் செய்ய வேண்டும். பிறந்த நாளையும் சேர்த்தே எண்ணுவார்கள். டிசம்பர் 25 முதல் எண்ணிப் பாருங்கள், எட்டாம் நாள் ஜனவரி 1. கத்தோலிக்கர்கள் நெடுங்காலம் அந்த நாளை இயேசுவின் விருத்தசேதனத் திருநாளாகக் கொண்டாடியது இந்தக் கணக்கால்தான். இன்னொன்று, யூதர்களின் நாள் சூரியன் மறைந்ததும் பிறந்துவிடும். நம்மூர் முஸ்லிம்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை, அவர்கள் 'வெள்ளி இரவு' என்றால் வியாழன் இரவுதானே. ஆகவே செவ்வாய் காலை பத்து மணிக்குப் பிறந்த குழந்தைக்கு அடுத்த செவ்வாய். செவ்வாய் இரவு எட்டு மணிக்குப் பிறந்தால் அது புதன் குழந்தை, சடங்கும் அடுத்த புதன்.

சிக்கல் அந்தி நேரத்தில் வருகிறது. கடலூரில் ஒரு வெள்ளிக்கிழமை, சூரியன் மறைந்து நட்சத்திரம் இன்னும் தெரியாத வேளையில் ஒரு யூதக் குழந்தை பிறந்ததாக வைத்துக்கொள்வோம். அது வெள்ளிக் குழந்தையா, சனிக் குழந்தையா? முடிவு செய்ய முடியாது. அடுத்த வெள்ளி செய்யலாமா என்றால், ஒருவேளை அது ஏழாம் நாளாக இருக்கலாம், முந்திவிடக் கூடாது. சனி செய்யலாமா? சனி ஓய்வுநாள். வெட்டுவதும் இரத்தம் வரச் செய்வதும் அன்று விலக்கப்பட்டவை. உறுதியான எட்டாம் நாளாக இருந்தால் மட்டுமே உடன்படிக்கை ஓய்வுநாளையும் மீறும், சந்தேகத்துக்கு அந்த அதிகாரம் கிடையாது. ஆகவே ஞாயிறு. வெள்ளியிலிருந்து எண்ணினால் பத்தாம் நாள். அந்த ஞாயிறு பண்டிகையாக அமைந்தால் பதினொன்று. இரண்டு நாள் புத்தாண்டாக இருந்தால் பன்னிரண்டு. யூதர்களின் பழைய சட்டத் தொகுப்பான மிஷ்னா இந்தக் கணக்கை அப்படியே எழுதி வைத்திருக்கிறது. இவ்வளவு நுணுக்கம் எதற்கு? குறித்த நாளில் செய்வதே கீழ்ப்படிதல் என்பதால்தான்.

செய்முறையும் அப்படித்தான். செய்பவர் மோஹேல், குழந்தையை மடியில் தாங்கி உட்காருபவர் சந்தக். பக்கத்தில் எலியா தீர்க்கதரிசிக்கென ஒரு நாற்காலி. முதலில் நுனித்தோலை வெட்டுவது, அது மிலா. அடுத்து, உள்ளே ஆண்குறியின் மொட்டோடு ஒட்டியிருக்கும் மெல்லிய சவ்வைக் கிழித்துப் பின்னால் தள்ளுவது, அது பெரியா. மேல்தோலை வெட்டிவிட்டுப் பெரியா செய்யாமல் விட்டால் விருத்தசேதனம் செய்யாதது போலவே ஆகும் என்கிறது மிஷ்னா. தவறு பெரும்பாலும் இங்கேதான் நேர்கிறது. மொட்டின் விளிம்பைப் பெரும்பகுதி மூடும்படி தோல் மிஞ்சினால் சடங்கு செல்லாது, மறுபடியும் வெட்ட வேண்டும். மூன்றாவது, காயத்திலிருந்து இரத்தத்தை இழுப்பது. பழைய வழக்கில் வாயால் இழுத்தார்கள். அதனால் குழந்தைக்கு ஹெர்ப்பிஸ் கிருமி தொற்றிய நிகழ்வுகள் உண்டு என்பதால், பல மோஹேல்கள் கண்ணாடிக் குழாயோ துணியோ பயன்படுத்துகிறார்கள். சடங்கின்போது தந்தை, 'நம் தந்தை ஆபிரகாமின் உடன்படிக்கைக்குள் இவனைக் கொண்டுவர' என்று ஆசி சொல்வார். கூடியிருப்பவர்கள், உடன்படிக்கைக்குள் வந்ததுபோலவே யூத வேதமான தோராவுக்கும் திருமணப் பந்தலுக்கும் நற்செயல்களுக்கும் வரட்டும் என்று வாழ்த்துவார்கள். பெயர் வைப்பதும் அப்போதுதான்.

இப்போது நம் கேள்விக்கு வருவோம். தோல் இல்லாமல் பிறந்த யூதக் குழந்தையை அப்படியே விட்டுவிட மாட்டார்கள். தோல் இருக்க வேண்டிய இடத்தில் மெல்லிய ஊசியால் குத்தி ஒரே ஒரு துளி இரத்தம் எடுப்பார்கள். 'உடன்படிக்கையின் இரத்தத் துளி' என்று அதற்குப் பெயர். மிஷ்னாவை விரித்துப் பேசும் பெருநூலான தால்முது இதற்குச் சொல்கிற காரணம், தோல் உள்ளே அமுங்கி மறைந்திருக்கலாம் என்ற ஐயம். ஏற்கெனவே மருத்துவமனையில் அறுவை செய்துகொண்ட ஒருவர் யூத மதத்துக்கு மாற வந்தாலும் வைதீக மரபில் இதே ஒரு துளி கேட்பார்கள். அவரிடம் மறைந்த தோல் என்ற ஐயமே இல்லை. உடல் ஏற்கெனவே அந்த நிலையில்தான் இருக்கிறது. இல்லாதது உடன்படிக்கைக்காகச் செய்த செயல். என் பார்வையில் யூத மரபின் உயிர்முடிச்சு இந்தத் துளியில் இருக்கிறது: தோல் இல்லாமை மட்டும் அடையாளம் ஆகாது, உடன்படிக்கையை நினைந்து செய்வதே அடையாளம்.

இஸ்லாத்துக்கு வருவோம். குர்ஆனில் கத்னா பெயர் சொல்லிக் குறிப்பிடப்படவில்லை. இப்ராஹீமின் மார்க்கத்தைப் பின்பற்றுமாறு 16:123 சொல்கிறது. இப்ராஹீம் நபி எண்பதாம் வயதில் தமக்குக் கத்னா செய்துகொண்டார்கள் என்று புகாரியின் ஹதீஸ், அதாவது நபிமொழி, தொகுப்பில் வருகிறது. ஆதியாகமம் சொல்கிற 99க்கும் இதற்கும் உள்ள வேறுபாட்டைக் கவனியுங்கள். இன்னொரு ஹதீஸ் இதை 'ஃபித்ரா' என்ற தலைப்பில் வைக்கிறது. படைப்பின் இயல்பு என்று அதற்குப் பொருள் சொல்லலாம். கத்னா, மறைவிட முடி களைதல், மீசை கத்தரித்தல், நகம் வெட்டுதல், அக்குள் முடி நீக்குதல் ஆகிய ஐந்தும் ஒரே வரிசை. நகம் வெட்டுவதோடு சேர்த்துச் சொன்னது இதைச் சிறுமைப்படுத்த அல்ல. உடலைத் தொழுகைக்குத் தகுந்த சுத்தத்தில் வைப்பது என்ற ஒரே நூலில் கோக்கத்தான். தோலுக்கு அடியில் சிறுநீர் தங்கும். இஸ்லாமியச் சட்ட மரபுகளுள் ஒன்றான ஷாஃபி சட்டப்படி அந்த உள்பகுதியும் உடலின் வெளிப்புறமாகவே கணக்கு, கடமையான குளிப்பில் தண்ணீர் அங்கேயும் படவேண்டும்.

கடலூர், பரங்கிப்பேட்டை, காரைக்கால் கடற்கரையில் மரைக்காயர்கள் ஷாஃபி மத்ஹப் என்ற அந்தச் சட்ட மரபினர். அவர்கள் நூல்களில் கத்னா வாஜிபு, அதாவது கட்டாயம். உள்நாட்டில் பெரும்பாலான ராவுத்தர்கள் பின்பற்றும் ஹனஃபி மத்ஹபில் அது வலுவான சுன்னத், அதாவது கட்டாயமில்லாத, ஆனால் வலியுறுத்தப்படும் நபிவழி. கட்டாயம் என்று சொல்லும் ஷாஃபி நூல்களிலும் கடமை வந்து சேர்வது பருவமடையும்போதுதான். ஏழாம் நாளில் செய்வது சிறப்பு, ஆனால் கட்டாயமில்லை. அந்த ஏழு நாளையும் பிறந்த நாளைச் சேர்க்காமல் எண்ணுகிறார்கள். யூதக் கணக்கின் எட்டும் ஷாஃபி கணக்கின் ஏழும் பெரும்பாலும் ஒரே தேதியில் வந்து நிற்கும்! நம்மூரில் ஐந்து, ஏழு வயதில் மார்க்கக் கல்யாணம் நடத்த முடிவதற்கும், சந்தேகம் வந்தால் அந்திக் கணக்குப் பார்க்கத் தேவை இல்லாததற்கும் காரணம், இங்கே நாள் அடையாளத்தின் பகுதி அல்ல என்பதே.

உடன்படிக்கை என்ற எண்ணம் இஸ்லாத்தில் இல்லையா என்றால், இருக்கிறது. திமிஷ்கு என்னும் டமாஸ்கஸ் நகரத்து அறிஞர் இப்னுல் கையிம், 1350இல் மறைந்தவர், குழந்தைகளைப் பற்றிய தம் நூலில் கத்னாவை இப்ராஹீமோடு இறைவன் செய்த உடன்படிக்கையின் அடையாளம் என்றும், இப்ராஹீமின் மார்க்கத்துக்குள் நுழைவதன் குறி என்றும் எழுதுகிறார். குர்ஆனின் 2:138 சொல்கிற 'அல்லாஹ்வின் வண்ணம்' என்பதோடும் அதைச் சேர்க்கிறார். அந்த வழி ஒரு மகனோடு முடிவதில்லை, இப்ராஹீமைப் பின்பற்றுகிற எவரும் அதில் வரலாம்.

அதே இப்னுல் கையிம் நம் கேள்விக்கும் விடை சொல்கிறார். நுனித்தோல் இல்லாமல் பிறந்த பிள்ளைமேல் வெறுமனே கத்தியை ஓட்ட வேண்டும் என்று சிலர் சொன்னார்கள். அவர் அதை மறுக்கிறார். கத்தியை வைப்பது நோக்கமல்ல, நோக்கத்துக்கான வழி. நோக்கமே நிறைவேறிவிட்ட பிறகு வழிக்கு என்ன வேலை என்பது அவர் வாதம். இங்கே அடையாளம் உடலின் நிலையில் இருக்கிறது, செயல் அந்த நிலையைக் கொண்டுவரும் கருவி. ஒரே குழந்தைதான். ஒரு மரபு ஒரு துளி இரத்தம் கேட்கிறது, மற்றது கத்தியைக் கீழே வைக்கிறது.

வெட்டுப்படாதவர் வெளியாள் என்று இரண்டும் சொல்வதில்லை. யூதத் தாய்க்குப் பிறந்தவன் விருத்தசேதனம் இல்லாவிட்டாலும் யூதன்தான். அண்ணன்மார் இருவர் விருத்தசேதனத்தால் இறந்திருந்தால் அடுத்தவனுக்குச் செய்யாதே என்று தால்முது விலக்குகிறது. தாய்வழி வரும் இரத்தக் கசிவு நோயை அந்தக் காலத்திலேயே கவனித்திருக்கிறார்கள்: நான்கு சகோதரிகளில் மூவரின் பிள்ளைகள் இறந்ததும், நான்காமவளின் பிள்ளைக்கு வேண்டாம் என்று தடுத்த நிகழ்வு அதில் இருக்கிறது. இஸ்லாத்திலும் கலிமா சொன்னவர் முஸ்லிம், கத்னா அதற்கு முன்நிபந்தனை அல்ல. கத்னா செய்யாத புது முஸ்லிம்களிடம் வரி வாங்கலாமா என்று கேட்டபோது கலீஃபா உமர் இப்னு அப்துல் அஸீஸ், நபி அழைப்பாளராக அனுப்பப்பட்டார், கத்னா செய்பவராக அல்ல என்று மறுத்ததாக வரலாற்றாசிரியர் தபரி பதிந்திருக்கிறார்.

நிலா கத்னா செய்த பிள்ளை என்று மகிழ்ந்து பேசும் வீடுகளுக்கு ஒன்று சொல்ல வேண்டும். தோல் குறைந்து பிறந்த குழந்தைகள் பலரிடம் சிறுநீர்த் துளை நுனியில் இல்லாமல் கீழ்ப்பக்கம் இருக்கும். ஹைப்போஸ்பேடியாஸ் என்பார்கள். மூன்றைப் பார்த்தால் ஐயம் வரலாம்: தோல் மேல்பக்கம் மட்டும் முக்காடுபோல் நின்று கீழ்ப்பக்கம் இல்லாமல் இருப்பது, ஆண்குறி கீழ்நோக்கி வளைந்திருப்பது, சிறுநீர் நேராக வராமல் கீழ்ப்பக்கம் சிதறுவது. அப்படியானால் மிச்சமிருக்கும் தோலை யாரும் வெட்டக் கூடாது, வழக்கமாகக் கத்னா செய்யும் ஒஸ்தாவும் சரி, மருத்துவரும் சரி. துளையைச் சரியான இடத்துக்குக் கொண்டுவரும் அறுவைக்குப் பெரும்பாலும் அந்தத் தோல்தான் பயன்படும். அந்த அறுவையைப் பெரும்பாலும் ஆறு முதல் பதினெட்டு மாத வயதுக்குள் செய்கிறார்கள். யூத சட்டம் நோயுள்ள குழந்தைக்குத் தள்ளிவைக்கச் சொல்கிறது, ஷாஃபி சட்டத்தில் பருவம் வரை அவகாசம் இருக்கிறது. எனவே முதலில் குழந்தையை ஜிப்மரிலோ வேறு பெரிய மருத்துவமனையிலோ குழந்தைகள் அறுவை மருத்துவரிடம் காட்டுங்கள். சடங்குக்கு நாள் குறிப்பது அதற்குப் பிறகு.