டென்னிசனின் அரசன் தமிழில் எந்த யாப்பில் பேசுவான்? | விளக்க வீடியோ

[திரையில்: வேலூர்க் கோட்டையின் மதில், பின்னால் மொட்டை மலைகள்]

வணக்கம். ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில், தண்ணீர் இல்லாத ஆறு, மரம் இல்லாத மலை என்று எங்கள் வேலூரைப் பற்றி ஒரு சொலவடை உண்டு. ஜலகண்டேசுவரர் 1981இல் கோயிலுக்குத் திரும்பிவிட்டார். மற்ற மூன்றும் ஏறக்குறைய அப்படியே இருக்கின்றன. இன்று நாம் தமிழாக்கப் போகும் கவிதையில் ராஜா இருக்கிறான். ஆனால் அவனுக்குச் செய்ய வேலை இல்லை. அவனைச் சுற்றியும் மொட்டைப் பாறைகள்தாம்.

கவிதை, ஆல்ஃபிரட் டென்னிசன் 1833இல் எழுதி 1842இல் வெளியிட்ட ‘யுலிசிஸ்’. மொத்தம் 70 வரி. போர் முடிந்து ஊர் திரும்பிய அரசன் யுலிசிஸ், வீட்டில் இருப்புக் கொள்ளாமல் பேசுகிறான். முதல் ஐந்து வரியின் பொருளை உரைநடையில் சொல்கிறேன். அசையாத அடுப்பருகே, மொட்டைப் பாறைகளுக்கு நடுவே, வயதான மனைவியோடு சோம்பிக் கிடக்கும் ஓர் அரசன், பண்படாத மக்களுக்குச் சமமில்லாத சட்டங்களை அளந்து போடுவதால் பயன் ஒன்றுமில்லை. அவர்கள் சேர்க்கிறார்கள், தூங்குகிறார்கள், தின்கிறார்கள், என்னை அறியாதிருக்கிறார்கள்.

இது ஆங்கிலத்தில் பிளாங்க் வெர்ஸ். வரிக்குப் பத்து அசை. மெலிந்தும் அழுந்தியும் மாறி மாறி ஐந்து இணைகள். இறுதி வரியைக் கேளுங்கள்: “டு ஸ்ட்ரைவ், டு சீக், டு ஃபைண்ட், அண்ட் நாட் டு யீல்ட்.” வரி முடிவில் இயைபு கிடையாது. வாக்கியம் வரியோடு முடிவதும் இல்லை. அடுத்த வரிக்குள் வழிந்து, அங்கே நடுவில் நிற்கும். அடியில் தாளம், மேலே பேச்சு. இந்த இரண்டும் சேர்ந்து கேட்க வேண்டும்.

தமிழில் அந்த அழுத்தத் தாளத்தை அப்படியே கொண்டுவர வழியில்லை. நம் யாப்பு குறில், நெடில், ஒற்று ஆகியவற்றால் அசை பிரிக்கிறது. அழுத்தத்தைக் கணக்கில் எடுப்பதில்லை. ஐந்து அழுத்தத்துக்கு ஐந்து சீர் என்று கணக்குப் போட்டு நெடிலடியில் எழுதினால் வரி இழுக்கும். எனவே தேட வேண்டியது, தாளமும் பேச்சும் சேர்ந்து ஒலிக்கும் நம்முடைய ஒரு யாப்பை.

வட ஆர்க்காட்டில் தெருக்கூத்து பார்த்து வளர்ந்தவர்களுக்கு அரசன் என்றதும் விருத்தம்தான் காதில் ஒலிக்கும். திரைக்குப் பின்னிருந்து வரும் ராஜ வேஷம், நீட்டி இழுத்துப் பாடும் குரல். மனத்தை இழுக்கிற தேர்வு இது. ஆனால் விருத்தம் நான்கு அடியில் கதவைச் சாத்திவிடும். அடிதோறும் ஒரே அமைப்பு வரும். எதுகை நான்கு அடியையும் ஒன்றாகக் கட்டும். யுலிசிஸின் வாக்கியமோ ஐந்தாவது வரியில் முடிகிறது, அடுத்தது இன்னோர் இடத்தில் முடிகிறது. அவனை நாலடிக்குள் நிறுத்தினால் அவன் பாடுவான். நமக்கு வேண்டியது பேசுவது. வெண்பாவும் இங்கே ஆகாது. சீரோடு சீரை இணைக்கும் வெண்டளை ஓரிடத்தில்கூடத் தவறக் கூடாது என்பதால், பெயரெச்சத்தையும் வேற்றுமை உருபையும் தளைக்காக வளைக்க வேண்டிவரும்.

மீதம் இருப்பது அகவல், அதாவது ஆசிரியப்பா. அடிக்கு நான்கு சீர், பெரும்பாலும் ஈரசைச் சீர். எத்தனை அடி என்பதற்கு மேல் எல்லை கிடையாது. மோனை விரும்பத்தக்கது, எதுகை கட்டாயமில்லை. குறுந்தொகையின் நாலடிப் பாட்டும் சிலப்பதிகாரத்தின் நீண்ட காதைகளும் இதில்தான் பேசுகின்றன. லிட்டனின் ஆங்கிலக் கதைக் கவிதை ஒன்றைத் தழுவி, பெ. சுந்தரம் பிள்ளை 1891இல் ‘மனோன்மணீயம்’ என்ற நாடகத்தை வெளியிட்டபோது, பாத்திரங்களைப் பெரும்பாலும் அகவலில்தான் பேச வைத்தார்.

எழுதிப் பார்ப்போம்.

[திரையில் வரிகள், ஒவ்வொன்றாக]

என்பயன் இதனால்? இயக்கம் இன்றி
அணைந்த அடுப்பின் அருகே, மொட்டைப்
பாறைகள் நடுவே, முதிர்ந்த மனைவி
பக்கம் இருக்க, பண்படா மாந்தர்க்குக்
கோணிய நீதியைக் கொஞ்சம் கொஞ்சமாய்
அளந்து போடும் அரசன் ஆனேன்.
அவரோ சேர்த்து வைப்பார்;
துயில்வார், தின்பார், அறியார் என்னையே.

ஐந்து வரி எட்டாகிவிட்டது. தமிழ்ச் சொற்கள் நீளமானவை. நான்கு சீருக்குள் ஆங்கில வரியின் முழுப் பொருளும் பெரும்பாலும் அடங்காது. வரிக்கு வரி என்று பிடிவாதம் பிடித்தால் ஏதாவது ஒன்று வெளியே விழும். அடிக் கணக்கை விட்டுவிடுங்கள். வாக்கியம் எங்கே வழிகிறது என்பதைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

மூலத்தில் ‘அளந்து போடுகிறேன்’ என்ற வினை வரியின் முடிவில் நிற்கிறது. எதை என்பது அடுத்த வரியில் வருகிறது. தமிழில் வினை கடைசியில்தான் வரும். ஆகவே எதிர்பார்ப்பைத் திருப்பிப் போட்டேன்: ‘கோணிய நீதியைக் கொஞ்சம் கொஞ்சமாய்’ என்று அடி முடிகிறது, வினைக்காகக் காது காத்திருக்கிறது, அடுத்த அடியின் தலையில் ‘அளந்து’ வருகிறது. காத்திருப்பு அதே இடத்தில் இருக்கிறது. காத்திருக்கப்படும் சொல்தான் மாறியிருக்கிறது.

அதைவிடப் பெரிய சிக்கல் ஐந்தாம் வரியில் இருக்கிறது. ஆங்கிலத்தில் மக்களைப் பற்றிய அடைமொழித் தொடர் பெயருக்குப் பின்னால் வந்து, ‘என்னை’ என்ற சொல்லில் முடிகிறது. அரசனின் மனக்குறை முழுவதும் அந்தக் கடைசிச் சொல்லில் இருக்கிறது. தமிழ் இலக்கணப்படி மொழிபெயர்த்தால் ‘சேர்த்து, உறங்கி, தின்று, என்னை அறியாத மக்கள்’ என்று அந்தத் தொடர் பெயருக்கு முன்னால் போய்விடும்; ‘என்னை’ நடுவில் தொலைந்துபோகும். அதனால் வாக்கியத்தை உடைத்தேன். அரசனின் வாக்கியம் ‘ஆனேன்’ என்பதில் முடிகிறது. மக்களுக்குத் தனி வாக்கியம். ‘அறியார் என்னையே’ என்று வரிசையை மாற்றியதும், அகவல் கேட்கும் ஈற்று ஏகாரம் சரியாக ‘என்னை’யின் மேல் வந்து உட்கார்ந்தது. யாப்பு இங்கே பொருளுக்கு வேலை செய்கிறது.

ஏழாம் அடியில் மூன்று சீர்தான் இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். எல்லா அடியிலும் நான்கு சீர் வரும் அகவல் வகையான நிலைமண்டிலத்திலேயே நின்றால், கடைசி இரண்டு அடிகள் இப்படி வந்துவிடும்: ‘சேர்த்து வைப்பார், துயில்வார், தின்பார், அருகில் இருந்தும் அறியார் என்னையே.’ மோனை அழகாக விழுகிறது. ஆனால் ‘அருகில் இருந்தும்’ மூலத்தில் எங்கே இருக்கிறது? இடம் நிரப்ப வந்த சொல் அது. அரசன் சொல்லாத ஒரு புலம்பலை அவன் வாயில் திணிக்கிறது. இத்தகைய சொல்லைக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு: தமிழ் வரியை மட்டும் வைத்துக்கொண்டு உரைநடையில் திரும்பச் சொல்லி, மூலத்தோடு ஒப்பிடுங்கள். மோனை மிகச் சிறப்பாக அமைந்த அடியை முதலில் சோதியுங்கள். திணிப்பு அங்கேதான் அதிகம் ஒளிந்திருக்கும்.

இதற்கு நம் இலக்கணத்திலேயே வழி இருக்கிறது. இணைக்குறள் ஆசிரியப்பாவில் முதல் அடியும் கடைசி அடியும் நான்கு சீர். இடையில் இரண்டு சீர், மூன்று சீர் அடிகள் வரலாம். பேச்சு திணறும் இடத்தில் அடியும் குறுகட்டும். எழுபது வரிக் கவிதை முழுவதற்கும் நான் தேர்ந்தெடுப்பது இதைத்தான்.

புதுக்கவிதை வேண்டாமா என்று கேட்கலாம். ராபர்ட் ஃப்ராஸ்ட் பிளாங்க் வெர்ஸில் எழுதிய விவசாயக் குடும்ப உரையாடல்களுக்கு நான் அதைத்தான் எடுப்பேன்; அங்கே அகவல் வந்தால் கணவனும் மனைவியும் புலவர்களாகிவிடுவார்கள். எடுத்தால் ஒரு சோதனை: வரிகளை உடைக்காமல் ஒரே பத்தியாக எழுதி உரக்கப் படியுங்கள். எதுவும் குறையவில்லை என்றால், வரி முறிவுகள் வெறும் அலங்காரம். யுலிசிஸ் அரசன்; மேடைப் பேச்சு போலப் பேசுகிறவன். அவனுக்கு அடியில் தாளம் வேண்டும்.

இனி, சற்று முன் கேட்ட அந்த இறுதி வரி. நான்கு வினைகள், நமக்கு நான்கு சீர்:

[திரையில்] முயல்வோம் தேடுவோம் காண்போம் பணியோம்.

அகவல் ஏகாரத்தில் முடிவதே வழக்கம். ‘பணியோமே’ என்று போட்டால் இலக்கணம் நிறையும். ஆனால் நெஞ்சை நிமிர்த்திச் சொல்லும் மறுப்பு கெஞ்சலாக நெகிழ்ந்துவிடும். ‘என்னையே’ என்ற இடத்தில் துணைநின்ற அதே ஏகாரத்தை இங்கே நான் விட்டுவிடுவேன்.