ஊர்வாய்க்கும் ஒரு மூடி உண்டு

மதிப்புக்குரிய தலைமையாசிரியர் அம்மா அவர்களே, வேலை நாள் என்றும் பாராமல் தலைமை தாங்க வந்திருக்கும் பெற்றோர் ஆசிரியர் கழகத் தலைவர் அவர்களே, அரங்கைத் தந்து மைக்கையும் சரிபார்த்துக் கொடுத்த துணைத் தலைமையாசிரியர் அவர்களே, வகுப்பாசிரியர்களே, பின்வரிசையில் நின்றபடி கேட்கும் பெற்றோர்களே, அனைவருக்கும் வணக்கம்.

மூன்று விஷயம் பேச வந்தேன். பள்ளிக் குழுவில் ஒரு குழந்தையைக் கேலி செய்து மீம் சுற்றினால் அதை எப்படி எடுப்பது. ஆப் நிறுவனம் என்ன செய்யும். செய்த பிள்ளையை என்ன செய்வது. உலைவாயை மூடலாம், ஊர்வாயை மூட முடியாது என்பார்கள். அந்தப் பழமொழியோடு எனக்கு ஒரு வழக்கு இருக்கிறது.

என் தங்கை மகள் எட்டாம் வகுப்பு. விளையாட்டு விழாவில் ஓடும்போது வாய் திறந்திருந்த ஒரு நொடியை யாரோ படம் பிடித்து, பக்கத்தில் ஒரு மீனை ஒட்டி, மேலே ஒரு வரி எழுதிவிட்டார்கள். அந்த வரியை மேடையில் சொல்ல மாட்டேன். சனிக்கிழமை இரவு ஒன்பது மணிக்கு வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் போட்டிருக்கிறார்கள். குழந்தை யாரிடமும் சொல்லவில்லை. திங்கள்கிழமை பள்ளிக்குப் போகமாட்டேன் என்று போர்வைக்குள் சுருண்டுகொண்டாள். மாலை ஏழு மணிக்குத்தான் தங்கை, "அண்ணா, உடனே வா" என்று அழைத்தாள்.

நான் போவதற்குள் மாப்பிள்ளை மகளின் போனிலிருந்து அதே குழுவில் கோபமாக ஒரு வாய்ஸ் மெசேஜ் போட்டுவிட்டார். அதுவரை பார்க்காதவர்களும் மேலே தேடிப்போய்ப் பார்த்தார்கள். அப்பாவின் கோபம் நியாயம்தான், ஆனால் குழுவுக்குள் பதில் போடக்கூடாது.

முதலில் ஸ்கிரீன்ஷாட் எடுத்தோம். படம் மட்டும் போதாது. குழுவின் பெயர், அனுப்பிய எண், தேதி, நேரம் எல்லாம் தெரிய வேண்டும். அழித்த பிறகு ஆதாரம் கிடைக்காது. (உடையில்லாத படமாக இருந்தால் இதைச் செய்யாதீர்கள். சேமிக்காமல், யாருக்கும் அனுப்பாமல், நேரே காவல்துறைக்குப் போங்கள்.)

அப்புறம் படத்தின் மேல் Forwarded என்று இருக்கிறதா என்று பார்த்தோம். இல்லை. அனுப்பிய பையனின் போனிலிருந்தே ஏறிய படம் அது. அதே படம் டியூஷன் குழுவுக்கும் போயிருந்தது, அங்கே இருந்ததில் அந்தச் சொல் இருந்தது. ஓர் இடத்தில் அழித்தால் இன்னோர் இடத்தில் அழியாது. ஒவ்வொரு பிரதியையும் தனித்தனியாகத் துரத்த வேண்டும்.

இங்கேதான் கெடு வருகிறது. Delete for everyone என்பதற்கு அனுப்பியதிலிருந்து இரண்டு நாளுக்குச் சற்று மேல்தான் அவகாசம். எங்களுக்கு மிஞ்சியது சில மணி நேரம். தங்கை அந்தப் பையனின் அம்மாவை அழைத்தாள். "என் பையன் அப்படிச் செய்யவே மாட்டான்" என்றார் அவர். தங்கை குரலை உயர்த்தாமல், "நான் சண்டைக்கு வரலைங்க. அவன் பக்கத்துல உட்காருங்க, படத்தை அழுத்திப் பிடிச்சு எல்லாருக்கும் அழிக்கச் சொல்லுங்க, கேலரியிலயும் எடுக்கச் சொல்லுங்க" என்றாள். எட்டு இருபதுக்குப் படம் போனது.

டியூஷன் குழுவுக்கு அது ஞாயிறு இரவுதான் போயிருந்தது, அங்கே கெடு தனி. அனுப்பியவர் போனை எடுக்கவில்லை. ஆனால் குழு அட்மின், பிறர் போட்டதையும் எல்லாருக்கும் அழிக்கலாம். மறுநாள் காலை அட்மினைப் பிடித்தோம், எடுத்தார். உலைவாயை மூடலாம், ஊர்வாயை மூட முடியாதாம். குழுவில் ஊர்வாய்க்கு மூடி உண்டு, அது அட்மின் கையில் இருக்கிறது!

மூன்றாவது, சீனியர் மாணவர்களின் குழு. அதில் எங்களுக்குத் தெரிந்தவர் ஒருவருமில்லை. உள்ளே இருந்த ஒரு பிள்ளை ரிப்போர்ட் செய்தான். ரிப்போர்ட் செய்தால் கடைசிச் சில செய்திகள் நிறுவனத்துக்குப் போகும், அனுப்பியவரின் கணக்கை முடக்கவும் கூடும். மற்றவர்கள் போனில் இருக்கும் படம் அதனால் அழியாது. அதுபோல, கேலரியில் ஏற்கெனவே சேமித்தவரிடமும் படம் தங்கிவிடக்கூடும். அந்த மூன்றாவது பிரதி இன்றும் எங்கோ இருக்கலாம்.

தலைமையாசிரியர் அம்மா அன்புடன் அனுமதித்தால் ஒன்று கேட்கிறேன். அந்தச் சீனியர் குழுவின் அட்மின்கள் நான்கு பேரும் மாணவர்கள். பெரியவர் ஒருவர்கூட இல்லை. ஒவ்வொரு வகுப்புக் குழுவிலும் ஓர் ஆசிரியரும் ஒரு பெற்றோரும் அட்மினாக இருக்க வேண்டும், அவர்கள் எண் எல்லாப் பெற்றோரிடமும் இருக்க வேண்டும் என்று இரண்டு வருடமாகச் சொல்லிவருகிறேன். இரவில் அட்மின் மட்டுமே பேசும்படி அமைக்கவும் வழி இருக்கிறது. செய்த பிள்ளையைப் பற்றிப் பேச நேரமில்லை, தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார்.

வாசலருகே மேசையில் ஒரு தாள் வைத்திருக்கிறேன். உங்கள் பிள்ளையின் வகுப்பு, குழு அட்மின் பெயர் இரண்டையும் எழுதிக் கையெழுத்திடுங்கள். பெயர் தெரியாதவர்கள் அந்தக் கட்டத்தை வெறுமையாக விட்டாலும் சரி, நாளைக் காலை அந்தத் தாளை அப்படியே அம்மாவிடம் கொடுக்கிறேன். வணக்கம்.