இரத்தம் கலக்காத இடம்

அவையோருக்கு வணக்கம்.

பிரசவம் நடந்த வீட்டில் குழந்தையை விசாரித்த கையோடு, "நஞ்சு விழுந்துவிட்டதா?" என்று பெரியவர்கள் கேட்பார்கள். குழந்தைக்குப் பின் வெளிவரும் அந்த நஞ்சுக்கொடியைப் பற்றி நம்மிடையே ஒரு தவறான எண்ணம் வேரூன்றியிருக்கிறது. தாயின் இரத்தமே தொப்புள்கொடி வழியாகக் குழந்தையின் உடலில் ஓடுகிறது என்பதே அது. உண்மையில் இரண்டு இரத்தங்களும் மிக அருகருகே ஓடினாலும், இயல்பான நிலையில் கலப்பதில்லை. அந்தத் தடுப்பு எப்படி அமைந்திருக்கிறது என்பதையும், அது கைவிடும் ஒரு தருணத்தையும் இன்று விளக்க விரும்புகிறேன்.

நிறைமாத நஞ்சுக்கொடி ஏறத்தாழ அரைக் கிலோ எடையுள்ள வட்டத் தட்டு. குழந்தையை நோக்கிய பக்கம் வழவழப்பாக, நடுவில் கொடியுடன் இருக்கும். கருப்பையை நோக்கிய பக்கம் சிறு மடல்களாகப் பிரிந்து கரடுமுரடாக இருக்கும். உள்ளே குழந்தையின் இரத்தக் குழாய்களைத் தாங்கிய கிளைகள், மரம் கிளைத்துக்கொண்டே போவதுபோல், நுண்ணிய விரல்களாக முடிகின்றன. இவையே கோரியான் விரலிகள். கருப்பைச் சுவரின் சுருள் தமனிகள் தாயின் இரத்தத்தை இந்த விரலிகளைச் சுற்றியுள்ள இடைவெளியில் நேரடியாகப் பீய்ச்சுகின்றன. ஆகவே விரலிகள் தாயின் இரத்தத்தில் நனைந்து நிற்கின்றன. குழந்தையின் இரத்தமோ விரலிக்குள் இருக்கும் நுண்குழாய்க்குள்ளேயே ஓடித் திரும்புகிறது. நிறைமாதத்தில் இவ்விரலிகளின் மொத்தப் பரப்பு 10 சதுர மீட்டரைத் தாண்டும்.

இரு இரத்தங்களுக்கும் நடுவே உள்ளது விரலியின் மேலுறையும், சிறிது இணைப்புத் திசுவும், நுண்குழாயின் சுவரும்தான். மேலுறையின் வெளிப்படலமான சின்சிடியோட்ரோபோபிளாஸ்ட் தனித்தன்மை வாய்ந்தது. செல்கள் ஒன்றோடொன்று கலந்து, இடையே எல்லைச் சுவரே இல்லாத ஒரே விரிப்பாகிவிட்டதால், செல்களுக்கிடையே நழுவி நுழையச் சந்து கிடையாது. அதைத் தாண்டுவது எதுவாயினும் அதனூடாகவே போக வேண்டும். கர்ப்பத்தின் தொடக்கத்தில் இத்தடுப்பு தடிமனாக இருக்கும். மாதங்கள் ஏற ஏற, உட்படலத்துச் செல்கள் தொடர்ச்சி குன்றி, நுண்குழாய் மேலுறையோடு ஒட்டிக்கொள்ள, மெலிந்த இடங்களில் 2 முதல் 4 மைக்ரோமீட்டர் அளவே மிஞ்சும். அந்த மெல்லிய இடங்களில் ஆக்சிஜன் பரவிச் செல்கிறது. குளுக்கோஸை அதற்கெனவே உள்ள கடத்துபுரதம் கொண்டு செல்கிறது.

எதிர்ப்பொருள்களின் கதைதான் என்னை எப்போதும் நிறுத்தி வைப்பது. பெரிய மூலக்கூறான ஐஜிஎம் வகை எதிர்ப்பொருள் தடுப்பைத் தாண்டுவதில்லை. ஐஜிஜி வகையை மட்டும் இந்த மேலுறை ஏற்பி ஒன்றின் துணையால் பிடித்து, விழுங்கி, குழந்தையின் பக்கம் சேர்க்கிறது. தாய் முன்பு வென்ற நோய்களுக்கு எதிரான காவல் குழந்தைக்குக் கிடைப்பது இவ்வழியில்தான். ஆனால் அது நோய்க்கிருமிக்கு எதிரானதா, குழந்தையின் சிவப்பணுவுக்கே எதிரானதா என்று ஏற்பி பார்ப்பதில்லை.

ஆர்ஹெச் நெகட்டிவ் தாய் ஒருவர் ஆர்ஹெச் பாசிட்டிவ் குழந்தையை முதன்முறையாகப் பெறுகிறார் என்று கொள்வோம். நஞ்சுக்கொடி பிரியும்போது விரலிகள் சில கிழிந்து, குழந்தையின் சிவப்பணுக்கள் தாயின் இரத்தத்தில் சேர்கின்றன. முதல் குழந்தை அதற்குள் பிறந்துவிடுகிறது. தாயின் உடல் பின்னரே எதிர்ப்பொருள் செய்யக் கற்கிறது. அடுத்த ஆர்ஹெச் பாசிட்டிவ் கருவில் அந்த ஐஜிஜி தடுப்பைத் தாண்டிச் சென்று சிவப்பணுக்களை அழிக்கக்கூடும்.

இதைத் தடுக்கவே, தாயின் உடல் எதிர்ப்பொருள் செய்யக் கற்காதபடி காக்கும் ஆன்டி-டி ஊசி பிரசவமான 72 மணி நேரத்துக்குள் போடப்படுகிறது. 28ஆம் வாரத்தில் ஒரு முறை போடுவதும் வழக்கம். 300 மைக்ரோகிராம் ஊசி 30 மில்லிலிட்டர் குழந்தை இரத்தத்துக்கு ஈடுகொடுக்கும். கசிவு அதைவிட மிகுந்ததா என்று அறிய, 1957இல் விவரிக்கப்பட்ட கிளைஹவர் சோதனை உதவுகிறது. தாயின் இரத்தப் பூச்சை அமிலத்தில் கழுவினால் அவர் சிவப்பணுக்கள் வெளிறிவிடும். குழந்தையின் சிவப்பணுக்கள் நிறம் ஏற்று நிற்கும். 2000 சிவப்பணுக்களில் 24 நிறமேறியிருந்தால் அது 1.2 விழுக்காடு. தாயின் இரத்தம் 5000 மில்லிலிட்டர் என்றால் கசிவு 60 மில்லிலிட்டர். கணக்குப்படி இரண்டு ஊசி. எண்ணிக்கையில் பிழை நேரலாம் என்பதால் இன்னொன்றும் சேர்ப்பார்கள். தாய்க்குத் தலசீமியா மைனர் போன்ற நிலை இருந்தால், அவருடைய சிவப்பணுக்கள் சிலவே நிறமேறிக் கணக்கைக் கெடுக்கும். ஆய்வகத்தார் இதை நினைவில் வைக்க வேண்டும்.

எதிர்ப்பொருள் ஏற்கெனவே உருவாகிவிட்டால் ஆன்டி-டி பயன்படாது. மறைமுக கூம்ப்ஸ் சோதனை அதைக் காட்டிவிடும். பின்னர் குழந்தையின் மூளைத் தமனியில் இரத்தம் ஓடும் வேகத்தை டாப்ளர் ஸ்கேனில் பார்த்துவருவார்கள். வேகம் மிஞ்சினால் இரத்தசோகை என்று ஐயுற்று, தாயின் எதிர்ப்பொருள் தாக்க முடியாத ஓ நெகட்டிவ் சிவப்பணுக்களைத் தொப்புள்கொடிச் சிரையில் ஊசியால் நேராக ஏற்றுவார்கள். விரலிகளின் மேலுறை எந்தச் சிவப்பணுவுக்கும் வழி விடாது என்பதால், கருவிலிருக்கும் குழந்தைக்கு இரத்தம் ஏற்ற அந்தத் தடுப்பைச் சுற்றிக்கொண்டுதான் போக வேண்டியிருக்கிறது.