கூப்பன் யார் கையிலிருந்து வருது? ஆர்.டி.எஸ். சர்வேயில கவனிக்க வேண்டியது

வணக்கம் மக்களே. திருப்பூர் பனியன் கம்பெனிகள்ல வேலை பார்க்கிற ஒடிசா, பீகார் தொழிலாளர்கள்ல எத்தனை சதவீதம் பேர் கம்பெனி ஹாஸ்டல்ல தங்கியிருக்காங்கன்னு கண்டுபிடிக்கணும்னு வைங்க. சாம்பிள் எடுக்கப் பட்டியலே கிடையாது. பலரோட பேர் இங்க வாக்காளர் பட்டியல்ல இருக்காது, சீசன் முடிஞ்சா ஊருக்குக் கிளம்பிடுவாங்க. இந்த மாதிரி இடத்துக்குத்தான் 1997-ல அமெரிக்க சமூகவியலாளர் டக்ளஸ் ஹெக்கத்தார்ன், பேட்டி கொடுத்தவங்களே அடுத்த ஆளை அனுப்பி வைக்கிற ரெஸ்பான்டன்ட் டிரிவன் சாம்ப்ளிங், சுருக்கமா ஆர்.டி.எஸ்., முறையை எழுதினார்.

முதல்ல ஏழெட்டுப் பேரை நாமளே பிடிக்கிறோம். பேட்டி முடிஞ்சதும் ஒவ்வொருத்தர்கிட்டயும் நம்பர் போட்ட மூணு கூப்பன் கொடுக்கிறோம். அதை அவங்க தெரிஞ்சவங்களுக்குக் கொடுப்பாங்க, அவங்க வந்து பேட்டி கொடுத்து இன்னும் மூணு வாங்கிட்டுப் போவாங்க. பேட்டிக்கு ஒரு தொகை, அனுப்பின ஆள் வந்தா இன்னொரு சின்னத் தொகை. இதைப் பெரிசாக்காதீங்க, கூப்பனை விலைக்கு விக்க ஆரம்பிச்சுடுவாங்க.

நிறையப் பேரைத் தெரிஞ்சவர்கிட்ட கூப்பன் சீக்கிரம் போய்ச் சேரும். அதனால ஒவ்வொருத்தருக்கும் ஒண்ணின் கீழ் அவருக்குத் தெரிஞ்சவங்க எண்ணிக்கைன்னு எடை போடுறோம். கணக்குக்காக 100 பேர்னு வைங்க. ஹாஸ்டல்ல 60 பேர், ஆளுக்கு 30 பேரைத் தெரியும். வாடகை ரூம்ல 40 பேர், ஆளுக்கு 10 பேரைத் தெரியும். எடை 60/30 = 2, 40/10 = 4. ஆறுல ரெண்டு, அதாவது ஹாஸ்டல் 33 சதவீதம். அப்படியே எண்ணியிருந்தா 60 வந்திருக்கும்!

பாருங்க, மொத்த விடையும் ஒரே கேள்வியில தொங்குது. அதனால "எத்தனை பேரைத் தெரியும்?"னு பொதுவா கேட்காதீங்க. "திருப்பூர்ல பனியன் வேலை பார்க்கிற, உங்க மாதிரி வெளிமாநிலத்துல இருந்து வந்தவங்கள்ல, உங்களுக்கும் அவங்களுக்கும் பேர் தெரிஞ்சு, போன ரெண்டு வாரத்துல நேர்ல பார்த்தவங்க எத்தனை பேர்?"னு கேளுங்க. எல்லாரும் 10, 20, 50-னு முழு எண்ணாவே சொன்னா அது குத்துமதிப்பு.

அடுத்து, தெரிஞ்சவங்கள்ல யாரை வேணும்னாலும் சமவாய்ப்புல தேர்ந்தெடுத்துத்தான் கூப்பன் கொடுக்கிறாங்கன்னு இந்த முறை நம்புது. என் பார்வையில முதல்ல உடையறது இதுதான். லேபர் கான்ட்ராக்டர் கூப்பனை வாங்கி வச்சுக்கிட்டு தன் ஆளுங்களையே அனுப்புவார். ஒரே ஞாயித்துக்கிழமை, ஒரே வண்டியில ஆறு பேர் வந்து இறங்கினா சந்தேகப்படுங்க. "கொடுத்தவர் உங்களுக்கு என்ன வேணும்?"னு ஒரு கேள்வி கட்டாயம் இருக்கணும். வெளிய விடாத ஹாஸ்டல்ல இருக்கிற பொண்ணுங்களுக்கு கூப்பன் போனாலும் அவங்களால வர முடியாது. எடை போட்டாலும் அது சரியாகாது, ஏன்னா வராதவங்களுக்கு எடையே கிடையாது.

மூணாவது, எல்லாரும் ஒரே வலையில இணைஞ்சிருக்கணும். யார் யாருக்குக் கொடுத்தாங்கன்னு கட்டம் போட்டுப் பாருங்க. ஒடியா பேசறவங்க ஒடியா பேசறவங்களுக்கே, பீகார்க்காரங்க பீகார்க்காரங்களுக்கே கொடுத்து, குறுக்க ஒரு கூப்பன்கூடப் போகலைன்னா, உங்ககிட்ட இருக்கிறது ரெண்டு தனித்தனி சர்வே. ரெண்டுக்கும் தனித்தனியா சதவீதம் எழுதுங்க. சேர்த்து ஒரே எண்ணாச் சொன்னீங்கன்னா, ஆரம்பத்துல எந்தப் பக்கம் எத்தனை பேரைப் பிடிச்சீங்களோ அதுதான் அந்த எண்ணுல தெரியும்.