32 நிமிடத்தில் எல்லாம் போச்சு! புது சிம் போட்டால் 24 மணி நேரம் ஓடிபி ஏன் வருவதில்லை?

[திரையில்: கறுப்புப் பின்னணி, ஒரு கடிகாரம். 4:33]

2012 ஆகஸ்ட் 3, வெள்ளிக்கிழமை. அமெரிக்காவில் மாலை 4:33. ஆப்பிள் உதவி மையத்துக்கு ஒரு போன். பேசுகிறவன் தன்னை மேட் ஹோனன் என்று சொல்லிக்கொள்கிறான், மெயிலுக்குள் போக முடியவில்லை என்கிறான். ஹோனன் உண்மையில் ஒரு பத்திரிகையாளர். அவர் அந்த நேரத்தில் வீட்டில் தன் சின்ன மகளோடு விளையாடிக்கொண்டிருக்கிறார்.

4:50. அவருடைய ஆப்பிள் கணக்கின் பாஸ்வேர்டு மாறுகிறது. 4:52. ஜிமெயில் பாஸ்வேர்டை மாற்றுவதற்கான கடிதம் அந்த ஆப்பிள் மெயிலுக்கு வந்து விழுகிறது. 5:00. அவருடைய ஐபோன் தூரத்திலிருந்து அழிக்கப்படுகிறது. 5:01. ஐபேட். 5:02. டிவிட்டர் கணக்கு கைமாறுகிறது. 5:05. மடிக்கணினி. மகள் பிறந்ததிலிருந்து எடுத்து வைத்திருந்த படங்கள் அதற்குள்தான் இருந்தன.

[கடிகாரம் 5:05-இல் நிற்கிறது]

32 நிமிடம். ஒரு தோசைக்கடையில் உட்கார்ந்து சாப்பிட்டு எழுந்திருக்கிற நேரம்.

வணக்கம் நண்பர்களே. பாஸ்வேர்டு மறந்தால் கணக்கைத் திரும்ப எடுக்க நாம் கொடுத்து வைக்கிற மீட்பு நம்பரையோ மீட்பு மெயிலையோ மாற்றினால் "கொஞ்ச நாள் காத்திருங்கள்" என்று சொல்கிறார்கள் இல்லையா, அந்தக் காத்திருப்பைப் பற்றித்தான் இன்றைக்குப் பேசப் போகிறோம். எனக்கு இது ரொம்பப் பிடித்த விஷயம், அதனால் நடுவில் ஒரு இடத்தில் கொஞ்சம் அதிக நேரம் நிற்பேன்.

அந்த இடம் இதுதான். ஹோனனுடைய பாஸ்வேர்டு ஒன்றைக்கூட யாரும் கண்டுபிடிக்கவில்லை. அப்படியானால் எப்படி உள்ளே போனார்கள்? இதை ஹோனனே பிறகு விலாவாரியாக எழுதியிருக்கிறார். ஆப்பிள் கேட்டவை இரண்டு: வீட்டு முகவரி, கார்டின் கடைசி நான்கு எண்கள். முகவரி சுலபம், அவருடைய இணையதளப் பதிவிலேயே இருந்தது. கார்டு எண்ணுக்கு அவர்கள் போன இடம் அமேசான்.

[திரையில்: இரண்டு தொலைபேசிகள். "முதல் அழைப்பு"]

முதல் அழைப்பு. "என் கணக்கில் ஒரு புது கார்டு சேர்க்க வேண்டும்." பெயர், மெயில், முகவரி சொன்னால் போதும், சேர்த்துவிடுவார்கள். கார்டு சேர்ப்பதில் என்ன ஆபத்து? யாரோ உங்கள் கணக்கில் தன் கார்டைச் சேர்த்தால் நஷ்டம் அவனுக்குத்தானே! அப்படித்தான் எல்லோரும் நினைத்திருப்பார்கள். அந்த எண் நிஜ கார்டாகக்கூட இருக்க வேண்டியதில்லை, கார்டு எண்களுக்கென்று இருக்கிற கூட்டிப் பார்க்கும் சோதனையில் சரியாக வந்தால் போதும்.

[திரையில்: "இரண்டாவது அழைப்பு"]

போனை வைத்துவிட்டு மறுபடி அழைக்கிறார்கள். "என் கணக்குக்குள் போக முடியவில்லை." நீங்கள்தான் உரிமையாளர் என்பதற்கு என்ன சாட்சி? பெயர், முகவரி, அப்புறம் கணக்கில் உள்ள ஒரு கார்டின் எண். எந்தக் கார்டு? சற்று முன் அவர்களே சேர்த்த கார்டு!

ஒரு நொடி இதை மனதில் ஓட்டிப் பாருங்கள். திருடன் உங்கள் வீட்டுக் கதவில் தானே ஒரு பூட்டை மாட்டுகிறான். பிறகு வாட்ச்மேனிடம் போய், "பாருங்கள், இந்தப் பூட்டுக்கு என்னிடம் சாவி இருக்கிறது, இது என் வீடுதான்" என்கிறான். வாட்ச்மேன் சாவியைப் போட்டுப் பார்க்கிறார். திறக்கிறது. உள்ளே விடுகிறார். வாட்ச்மேன் சோதனை செய்யாமல் இல்லை, முறைப்படி செய்தார். ஆனால் அந்தப் பூட்டு எப்போது வந்தது என்று மட்டும் அவர் கேட்கவில்லை.

அந்தச் சாட்சியத்தை வைத்துப் புது மெயில் ஒன்றைக் கணக்கில் சேர்த்தார்கள், அதற்கு பாஸ்வேர்டு மாற்றும் கடிதத்தை வரவழைத்தார்கள், உள்ளே போனார்கள். ஹோனனின் நிஜ கார்டுகளின் கடைசி நான்கு எண்கள் அங்கே பளிச்சென்று தெரிந்தன. ஆப்பிள் கேட்டது அதைத்தான்.

இப்போது ஒரே ஒரு விதியை நடுவில் செருகிப் பார்ப்போம். "இன்று சேர்த்த கார்டோ மெயிலோ ஏழு நாளைக்கு யாருடைய அடையாளத்துக்கும் சாட்சி ஆகாது. சேர்த்த உடனே பழைய மெயிலுக்குத் தகவல் போகும்." அவ்வளவுதான். முதல் அழைப்பு நடக்கும், கார்டு சேரும். இரண்டாவது அழைப்பு அங்கேயே நின்றுவிடும். ஹோனனுக்கு அன்று மாலை, "உங்கள் கணக்கில் புது கார்டு சேர்ந்திருக்கிறது" என்று ஒரு கடிதம் வரும். அவர் அதைப் பார்க்க இரவு வரை ஆகட்டும், ஞாயிற்றுக்கிழமை வரை கூட ஆகட்டும், ஒன்றும் குடிமுழுகிப் போகாது. (இந்த விவகாரம் வெளியே வந்ததும் இரண்டு நிறுவனங்களுமே போன் வழியாக இப்படிச் செய்வதை நிறுத்தின.)

கடிகாரம் யார் பக்கம் ஓடுகிறது என்பதுதான் விஷயம். காத்திருப்பு இல்லாவிட்டால் திருடன் வேகமாக இருந்தாலே ஜெயித்துவிடுவான். காத்திருப்பு வந்துவிட்டால், அத்தனை நாளும் நீங்கள் ஒருமுறைகூட மெயிலைத் திறந்து பார்க்கக் கூடாது என்று அவன் வேண்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும்.

சரி, நம்ம ஊருக்கு வருவோம். எங்கள் சித்தப்பாவின் போன் பஸ்ஸில் தொலைந்தது. அதே நம்பருக்குப் புது சிம் வாங்கிக்கொண்டு வந்தார். போன் பேச முடிகிறது, ஆனால் வங்கி ஓடிபி வரவில்லை. நாலு தடவை போனை அணைத்துப் போட்டார். கடைக்குப் போய் "பழுதான சிம் கொடுத்துவிட்டீர்கள்" என்று சத்தம் போட்டார். கவுன்டரில் இருந்த பெண், "நாளைக்கு வந்துடும் சார்" என்று மட்டும் சொன்னார். ஏன் என்று சொல்லவில்லை. அந்தக் காரணத்தைச் சொல்லியிருந்தால் சித்தப்பாவே கைகொடுத்துவிட்டு வந்திருப்பார். இதைச் சொல்லாமல் விடுவது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

காரணம் இது. இந்தியாவில் சிம்மை மாற்றினால் புது சிம்மில் 24 மணி நேரத்துக்கு எஸ்எம்எஸ் வராது, போகவும் போகாது. இது தொலைத்தொடர்புத் துறையின் உத்தரவு. போலி அடையாள அட்டையைக் காட்டி உங்கள் நம்பருக்கு ஒருவன் சிம் வாங்கிவிட்டான் என்று வையுங்கள். அவனுக்கு வேண்டியது உங்கள் நம்பர் இல்லை, அதில் வரும் ஓடிபி. அது ஒரு நாளைக்கு வராது. அந்த ஒரு நாளும் உங்கள் கையில் இருக்கும் போனில் சிக்னல் இருக்காது. வீட்டில் எல்லோருக்கும் டவர் இருக்கிறது, உங்களுக்கு மட்டும் "நோ சர்வீஸ்". இதைவிடச் சத்தமான எச்சரிக்கை மணி கிடையாது. அப்படி நடந்தால் வேறு போனிலிருந்து உடனே உங்கள் சிம் நிறுவனத்தைக் கூப்பிடுங்கள், வங்கிக்குச் சொல்லிக் கணக்கை நிறுத்தச் சொல்லுங்கள். பணம் போயிருந்தால் சைபர் குற்ற உதவி எண் 1930-ஐக் கூப்பிடுங்கள்.

அதற்கு மேல் இன்னொரு பூட்டும் உண்டு. 2024 ஜூலை 1 முதல், சிம் மாற்றிய 7 நாளுக்குள் அந்த நம்பரை வேறு நிறுவனத்துக்கு மாற்ற முடியாது. திருட்டு சிம்மை வாங்கிய கையோடு நம்பரை வேறு இடத்துக்குக் கடத்திவிட்டால் அதைத் திரும்பப் பிடிப்பது பெரும்பாடு. அதற்குத்தான் இந்த ஏழு நாள்.

கூகுள் இதையே தலைகீழாகச் செய்கிறது, எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். சிம் விஷயத்தில் புதுச் சாவியைத் தூங்க வைக்கிறார்கள். கூகுள் பழைய சாவியை உயிரோடு வைத்திருக்கிறது. மீட்பு நம்பரையோ மீட்பு மெயிலையோ மாற்றினாலும் 7 நாளைக்குப் பழையதற்கே சரிபார்ப்புக் குறியீட்டை அனுப்ப வழி கொடுக்கலாம். திருடன் உள்ளே நுழைந்து முதல் வேலையாக உங்கள் நம்பரை எடுத்துவிட்டுத் தன் நம்பரைப் போடுகிறான், உங்களை வெளியே தள்ளிவிட்டதாக நினைக்கிறான். நீங்கள் வழக்கமாகப் பயன்படுத்தும் போனிலிருந்து, வழக்கமான இடத்திலிருந்து கணக்கை மீட்க முயன்றால், பழைய நம்பர் அப்போதும் உங்களுக்கு உதவலாம். ஏழு நாள் தாண்டிவிட்டால் இந்த வழி இல்லை.

மைக்ரோசாஃப்ட்டில் மீட்பு விவரம் எல்லாவற்றையும் ஒரேயடியாக மாற்றினால், புதியது செல்லுபடியாக 30 நாள் காத்திருக்க வேண்டும். ஐபோனில் திருட்டுப் பாதுகாப்பை இயக்கி வைத்திருந்தால், பழக்கமில்லாத இடத்தில் ஆப்பிள் பாஸ்வேர்டை மாற்ற ஒரு மணி நேரம் காத்திருந்து இரண்டு முறை முகம் காட்ட வேண்டும்.

இதெல்லாம் எங்கே உடைகிறது? இரண்டு இடத்தில்.

ஒன்று, எச்சரிக்கை உங்கள் கண்ணில் படாவிட்டால். மெயிலுக்குள் ஏற்கனவே நுழைந்துவிட்டவன் அங்கே ஒரு வடிகட்டியை அமைத்துவிடுவான்: "பாதுகாப்பு" என்று தலைப்பில் இருக்கும் கடிதம் எல்லாம் நேரே குப்பைக்கு. காத்திருப்பு ஓடிக்கொண்டே இருக்கும், உங்களுக்கு ஒன்றும் தெரியாது. சிம் திருட்டில் வேறு தந்திரம். விடாமல் போன் செய்து தொந்தரவு கொடுப்பார்கள். எரிச்சலில் நீங்களே போனை அணைத்து வைப்பீர்கள், சிக்னல் போனது உங்களுக்குத் தெரியாது. யாராவது மாற்றி மாற்றி அழைத்து உயிரை எடுத்தால் சத்தத்தை மட்டும் குறையுங்கள், போனை அணைக்காதீர்கள்.

இரண்டாவது கொஞ்சம் வலிக்கிற விஷயம். இந்தக் காத்திருப்பு ஆள் பார்த்து வேலை செய்வதில்லை. எல்லாவற்றையும் தொலைத்த நிஜ உரிமையாளரும் அதே 30 நாள் நிற்கத்தான் வேண்டும். அவசரமாக வேலைக்கு விண்ணப்பிக்க வேண்டியவருக்கு ஒரு மாதம் மெயில் இல்லை என்பது சின்னத் தொல்லை இல்லை. ஆனாலும் நான் காத்திருப்பின் பக்கம்தான். உரிமையாளருக்குப் போவது சில நாள். அது இல்லாவிட்டால் போவது கணக்கே.

[திரையில்: myaccount.google.com]

இப்போது வீடியோவை நிறுத்திவிட்டு இந்தப் பக்கத்துக்குப் போய், பாதுகாப்புப் பகுதியில் உங்கள் மீட்பு நம்பரைப் பாருங்கள். காலேஜ் காலத்து நம்பர் இருந்தால் இன்றே மாற்றுங்கள், எச்சரிக்கை எல்லாம் அந்தச் செத்த நம்பருக்குத்தான் போகும். புது நம்பருக்கு மாறப் போகிறவர்கள் முதலில் கணக்குகளில் நம்பரை மாற்றுங்கள், பழைய சிம்மை ஒரு மாதமாவது ரீசார்ஜ் செய்து உயிரோடு வைத்திருங்கள், அதற்கு அப்புறம் தூக்கிப்போடுங்கள். உங்கள் மீட்பு நம்பர் எந்த வருடத்து நம்பராக இருந்தது? வருடத்தை மட்டும் கமெண்டில் எழுதுங்கள், நம்பரை எழுதிவிடாதீர்கள்.